‘விளம்பரம்’ என்ற முதல் வரி

ஹெலன் கோபமாக இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கீபோர்டு சத்தத்தைக் கேட்டால் போதும். சிறுசேரியில் எங்கள் ஆபீசில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அந்தச் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவளிடம் வாய் கொடுக்கலாமா, கூடாதா என்று நான் முடிவு செய்துகொள்வேன்.

எங்கள் கம்பெனி சின்னது. இன்ஸ்டாகிராமில் சமையல், சுற்றுலா, துணிமணி என்று பக்கம் நடத்துகிறவர்களுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுப்போம். அவர்கள் அனுப்பும் படத்தையும் வீடியோவையும் நேரம் குறித்து வெளியிடுவோம். ஹெலன் தினமும் திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ் மாறி வருவாள். அப்பா ஆபிரகாம் ஏதோ ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. அந்த வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆள் இவள்தான். அந்தப் பெருமையை அவள் வெளியே காட்டியதே இல்லை. தப்பு நடந்தால் மட்டும் பொறுக்கமாட்டாள்.

விளம்பரக் குறி தானாக விழும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது அவள்தான். அதற்குக் காரணம் சைஃபுல்லா என்ற சுற்றுலாப் பக்கக்காரர். மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் ஓசியில் தங்கிவிட்டு, ஆகா ஓகோ என்று எழுதிப் போட்டார். யாரோ புகார் கொடுத்தார்கள். பதிவை எடுக்கவேண்டி வந்தது, பேரும் கெட்டது. “ஃப்ரெண்டு வூட்டுல தங்கற மாதிரி தங்கினேன், இதுல இன்னாமா விளம்பரம்?” என்று போனில் சண்டைக்கு வந்தார். ஹெலன் விடவில்லை. “டப்பு வாங்கினாத்தான் விளம்பரமா அண்ணாத்த? ஓசி ரூமு, ஓசி சோறு, கிஃப்டு, சொந்தக்காரங்க கடை, எல்லாமே அதுலதான் சேரும். படிக்கிறவங்களுக்கு அத்த முதல்லயே சொல்லணும்” என்றாள்.

அதற்கப்புறம் அவள் உட்கார்ந்து விதிகளை எழுதி, புரோகிராமர்களை நச்சரித்து வேலை வாங்கினாள். ஒரு பக்கத்துக்கும் ஒரு கம்பெனிக்கும் ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில், அந்தக் கம்பெனியின் பெயர் எந்தப் பதிவில் வந்தாலும் முதல் வரியில் ‘விளம்பரம்’ என்று தானாக விழும். படத்துக்கு மேலே இன்ஸ்டாகிராமின் சொந்த விளம்பரக் குறியும் கூடவே ஏறிக்கொள்ளும். பதிவு தமிழில் இருந்தால் குறியும் தமிழில். கடைசியில் ஹேஷ்டேக் குப்பைக்குள் ஒளித்துவைக்க முடியாது. குறியை எடுக்க வேண்டுமென்றால், பக்கக்காரர் ‘எனக்கு எதுவும் தரவில்லை, தருவதாகச் சொல்லவும் இல்லை’ என்று உறுதி கொடுக்க வேண்டும். ஹெலனும் மேனேஜர் பாலசுப்ரமணியனும் இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். யார் அனுப்பியது, எந்த விதியால் குறி விழுந்தது, யார் ஒப்புக்கொண்டது, வெளியானபோது எப்படித் தெரிந்தது என்பதெல்லாம் படத்தோடு சேமிப்பில் தங்கிவிடும். பதிவையே அழித்தாலும் இந்த நகல் அழியாது.

நல்ல ஏற்பாடு. இன்றைக்கும் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எரிச்சலாக இருக்கிறது.

கடப்பாக்கத்தில் பதருன்னிசா என்று ஒரு அக்கா. மீன் சமையல் வீடியோ போடுவார். அவர் சமைப்பார், கடைசியில் கணவர் ஜலாலுதீன் வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “உப்பு கம்மி” என்பார், இல்லையென்றால் “காரம் பத்தல” என்பார். ஒரு தடவை கூட நல்லா இருக்கிறது என்று சொன்னதில்லை. அந்த வம்புக்காகவே ஜனங்கள் கடைசிவரை பார்ப்பார்கள். ஜலாலுதீனுக்கு ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது. இந்த வீடியோவும், அலைக்கொடி மசாலா கம்பெனியோடு இருந்த ஒப்பந்தமும்தான் குடும்பத்தை ஓட்டின.

மாரடைப்பில் ஜலாலுதீன் மௌத்தாகிவிட்டார் என்று ஒருநாள் செய்தி வந்தது. பதருன்னிசாவின் வரிசையில் காத்திருந்த வீடியோக்களை எல்லாம் ஹெலனே நிறுத்திவைத்தாள். செத்துப்போனவர் திரும்ப வந்து காரம் பத்தல என்று சொல்லிவிடக் கூடாதே.

அடுத்த வாரம் பதருன்னிசாவே ஒரு பதிவை அனுப்பினார், வெள்ளிக்கிழமை காலை போக வேண்டும் என்று. ஜலாலுதீன் தட்டின் முன் உட்கார்ந்து சிரிக்கும் படம். கீழே இப்படி எழுதியிருந்தார்: ‘எங்க வூட்டுக்காரர் கடைசியா சாப்பிட்ட சாப்பாடு. அலைக்கொடி மசாலா போட்ட வஞ்சிரக் குழம்பு. முதல் தடவையா நல்லாருக்குன்னு சொன்னார். அவருக்காக துஆ செய்யுங்க.’

அதற்கு மேலே, முதல் வரியாக, ‘விளம்பரம்’ என்று விழுந்திருந்தது.

“ஐயையோ, இன்னா பாவம் இது” என்றாள் ஹெலன். கம்பெனிப் பெயர் வந்ததால் விதி பிடித்துக்கொண்டது என்று அவளுக்குப் புரிந்தது. பாவம், துக்கத்தில் ஏதோ பெயரை எழுதிவிட்டார், உறுதிமொழி வாங்கிக் குறியை எடுத்துவிடலாம் என்று உடனே போன் போட்டாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். துக்கம் விசாரிக்கத் தனியாகப் பேச அவளுக்குப் பயம் என்று நினைக்கிறேன்.

“அக்கா, ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். இந்தப் போஸ்ட்டுக்கு அவங்க எதுனா தர்றேன்னாங்களா? இல்லன்னு சொல்லுங்க. நான் விளம்பரம்ங்கறத எடுத்துர்றேன்.”



“நான் இத்தாவுல கீறேன் ஹெலனு. நாலு மாசம் பத்து நாளு வெளிய வரக்கூடாது, வீடியோல மூஞ்சி காட்டமாட்டேன். மாசாமாசம் போஸ்ட் போடலன்னா ஒப்பந்தம் பூடும்ல? அந்த இனியன் தம்பிதான் வாய்ஸ் மெசேஜ் போட்டுச்சு. அவர் படத்தப் போட்டு எங்க பேர ஒரு வரி சேத்துடுங்க, இந்த மாசக் கணக்குக்கு அத எடுத்துக்கறோம், மீதி மாசத்துக்குப் பழைய வீடியோவ வெச்சு ஓட்டிக்கலாம்னு சொல்லிச்சு.”

இனியன் மசாலா கம்பெனியின் விளம்பர அதிகாரி. அவனை நான் பார்த்திருக்கிறேன். சாவு வீட்டுக்கு இப்படி ஒரு மெசேஜ் போட எப்படித்தான் வாய் வந்ததோ.

“அக்கா, அப்ப இது விளம்பரந்தான்கா” என்றாள் ஹெலன்.

“ஆனா நான் எழுதினது நெசம்மா. அந்த மசாலா போட்டுத்தான் ஆக்கினேன். நல்லாருக்குன்னு அவர் சொன்னதும் நெசந்தான். எடுத்துர்றியா ஹெலனு? அவர் மூஞ்சி மேல விளம்பரம்னு போட்டா நல்லாவா கீது?”

ஹெலன் பாலசுப்ரமணியனிடம் போனாள். அவர் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இழவுப் போஸ்ட்மா. இத எவன் புகார் பண்ணப்போறான்? ஒண்ணும் வாங்கலன்னு போட்டுடு, நானும் ஓகே பண்ணிடறேன்” என்றார்.

“வாங்கறாங்க சார். அவங்களே சொன்னாங்க.”

“அப்ப உன் இஷ்டம்.”

உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வது இருக்கிறதே, அதைப் போல ஒரு கோழைத்தனம் கிடையாது. ஆனால் ஹெலனால் பொய் உறுதியைப் பதியமுடியவில்லை. சைஃபுல்லாவிடம் அத்தனை பேசியவள். பொய்யென்று தெரிந்தால் பழி வரப்போவதும் பதருன்னிசா தலையில்தான். திரும்பப் போன் செய்து, கம்பெனிப் பெயர் உள்ள வரியை வெட்டிவிட்டால் குறி விழாது, வெறும் அஞ்சலியாகப் போகட்டும் என்று கெஞ்சினாள்.

“பேரு இல்லாங்காட்டி கணக்குல வராதே” என்றார் பதருன்னிசா. “எம் பொண்ணு ஃபைஸா காலேஜ்ல படிச்சினு கீறா. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு. அப்டியே போட்டுடும்மா.”

அப்படியே போயிற்று. வெள்ளிக்கிழமை காலை, மேலே ‘விளம்பரம்’, அதன் கீழே ஜலாலுதீன். துஆ செய்தவர்களும் இருந்தார்கள். ஆனால் மத்தியானத்துக்குள் வேறு விதமாக வர ஆரம்பித்தது. புருஷன் சாவையும் வித்துட்டியா என்று ஒருத்தி. பொணத்து மேல மசாலா தூவறியா என்று ஒருத்தன். கமெண்ட் பகுதியை மூடும் வரை ஹெலன் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. அவள் கீபோர்டில் அன்று சத்தமே வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

மறுவாரம் மசாலா கம்பெனி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. இந்தப் பதிவால் தங்கள் பெயர் கெடுகிறதாம். இனியன் அந்த மெயிலில் தான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. ஹெலன் அதைச் சுட்டிக்காட்டிப் பதில் எழுதினாள். பதிலே வரவில்லை.

எவனோ ஒரு புண்ணியவான் விளம்பரங்களைக் கவனிக்கும் அமைப்புக்குப் புகாரும் அனுப்பினான். எங்களிடம் விளக்கம் கேட்டார்கள். ஹெலன் சேமிப்பிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து அனுப்பினாள்: குறி முதல் வரியில் இருந்ததற்கான படம், விழுந்த விதி, ஒப்பந்தம், பதருன்னிசாவின் சம்மதம். குறியில் எந்தக் குறையும் இல்லை என்று பதில் வந்து புகார் மூடப்பட்டது. பாலசுப்ரமணியன் அன்றைக்கு எல்லோருக்கும் சமோசா வாங்கினார். ஹெலன் தன் பங்கைத் தொடவில்லை. “எல்லாமே கரெக்டாத்தான் செஞ்சேன்ல?” என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். “அப்புறம் ஏன் இப்டி கீது?” என்றாள்.

அதற்குப் பிறகு பதருன்னிசா ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார். அந்தப் பதிவை எடுத்துவிடச் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஹெலன் அழித்தாள்.

“பூட்ச்சாம்மா? மொத்தமா?”

“இன்ஸ்டாகிராம்ல இல்லக்கா.”

“உங்க கையில?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஹெலனுக்கு அது வராது. “எங்ககிட்ட நகல் இருக்குக்கா. ரூல்ஸுக்காக வெச்சிருக்கணும். என்னால அழிக்க முடியாது.”

“சரி. யாரும் பாக்கமாட்டாங்கல்ல?”

“யாரும் பாக்கமாட்டாங்கக்கா. நான் சொல்றேன்.”

அடுத்த திங்கட்கிழமை ஒரு பெரிய நகைக்கடையிலிருந்து சிலர் எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். விதிமுறையில் நாங்கள் எவ்வளவு கெட்டி என்று காட்ட பாலசுப்ரமணியன் புரொஜெக்டரைப் போட்டார். சேமிப்பைத் திறக்கும் உரிமை அவருக்கும் உண்டு என்பதை நாங்கள் இருவருமே யோசித்திருக்கவில்லை. சுவர் முழுக்க ஜலாலுதீன் தட்டின் முன் சிரித்தார். தலைக்கு மேலே ‘விளம்பரம்’, பக்கத்தில் ஒப்புதல் விவரம், கடைசியில் ஹெலனின் பெயர்.

“புகார் வந்தும் ஒரு கீறல் கூட விழல பாருங்க” என்றார் அவர்.

வந்திருந்தவர்களில் ஒரு அம்மாள் முன்னால் சாய்ந்து பார்த்தார். “டெமோவுக்காகப் பண்ணதா? இல்ல, நிஜமாவே ஒருத்தங்க போட்டதா?”

பாலசுப்ரமணியன் திரும்பினார். “ஹெலன், சொல்லும்மா.”

ஹெலன் எழுந்து நின்றாள். நான் உட்கார்ந்தபடியே அவள் கையைப் பிடித்தேன், விடுவித்துக்கொண்டாள்.

“நிஜந்தான் மேடம்” என்றாள். “அந்தக் குழம்பு நல்லாருக்குன்னு அவர் சொன்னதும் நிஜந்தான்.”

மசாலாவைப் புகழ்கிறாள் என்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள். பாலசுப்ரமணியன் அடுத்த படத்துக்குப் போனார்.