காய விடாத பாத்ரூம்

நான் கடலூரில் டைல்ஸ் ஒட்டுகிறவன். பாத்ரூம் இடுக்குக்கு எதைப் பூசலாம் என்று யார் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அக்ரிலிக் பசை என்றால் மேலே பெயின்ட் அடிக்கலாம். ஆனால் அது சுருங்கும், தண்ணீர் நிற்கும் ஓரத்தில் பிளந்துகொள்ளும். பாலியூரித்தேன் அசைவைத் தாங்கும். ஆனால் பூஞ்சை பிடித்துவிட்டால் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் டைலில் கீறல் விழுந்துவிடும். பூஞ்சைத் தடுப்பு கலந்த சிலிக்கான்தான் சரி. பழசை முழுக்கச் சுரண்டி, இடத்தைக் காயவைத்து, பூசி, ஒருநாள் தண்ணீர் படாமல் விட வேண்டும்.

செம்மண்டலத்தில் என் வாடகை வீட்டில் ஐந்து பேருக்கு ஒரே பாத்ரூம். அந்த ஒருநாள் கிடைக்காமலே இரண்டு முறை பூசினேன், இரண்டு முறையும் பூஞ்சை பிடித்துக் கறுத்தது. மூன்றாம் முறை பூசியதும் எல்லோரையும் சிதம்பரத்தில் மச்சான் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலை வந்தால் மனைவி வீட்டில் இருந்தாள். பாத்ரூம் பளபளத்தது.

"புள்ளைக்கு டியூஷன்னு மதியமே வந்துட்டோம். சுரண்டுனதெல்லாம் அப்படியே கெடந்துச்சு. பினாயில் ஊத்திக் கழுவிட்டேன்."

வாஷ்பேசின் ஓரத்தில் சிலிக்கான் நுனி தூக்கியிருந்தது. அடியில் ஈரம். நான் கத்தினேன்.

"ஊர்ல எல்லார்கிட்டயும் ஒருநாள் தண்ணி படக்கூடாதுன்னு சொல்றீங்க. எங்கிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. வீட்டில் எதையும் சொல்லும் பழக்கம் எனக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது.