கேமராவின் கழுத்து எதுவரை திரும்பும்

என் மகள் செய்த கேமராவுக்கு முதலில் கிடைத்த முகம் என்னுடையதுதான். அவளுக்கு இன்ஜினியரிங் கடைசி வருஷம். அவளுடைய வாப்பா சவூதியில், தம்மாமில் இருக்கிறார். வீடியோ காலில் பேசும்போது நான் அடுப்புக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். அவர் பாதி நேரம் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். முகம் போகும் பக்கம் தானே திரும்புகிற கேமரா ஒன்று செய்கிறேன், அதையே புராஜெக்டாகவும் கொடுத்துவிடுகிறேன் என்றாள்.

இரண்டு சின்ன சர்வோ மோட்டார். கீழே இருப்பது இடவலமாகத் திருப்பும், மேலே இருப்பது மேலும் கீழும் சாய்க்கும். கேமராவில் வரும் படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று டிடெக்டர் ஒரு பச்சைக் கட்டம் போட்டுக் காட்டும். கட்டத்தின் நடு, படத்தின் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதைக் குறைக்கிற பக்கமாக மோட்டார் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவுக்குள் ஐந்து மாதம் போனது.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பர்தாவைக்கூட கழற்றவிடாமல் நடக்கச் சொல்லுவாள். நான் கணக்கு டீச்சர். எதற்கு நடக்கிறோம் என்று தெரியாமல் என்னால் நடக்க முடியாது. அதனால் ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருநாள் அது என்னை விட்டுவிட்டு, சுவரில் தொங்கிய ஜவுளிக்கடைக் காலண்டரின் கல்யாணப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றது.

"வயசானவள யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"பெரிய முகத்த மட்டும் பாருன்னு சொல்லிடுதேன் உம்மா. உங்க முகத்தவிட அந்தக் காலண்டர் சின்னதுதான்."

முதலில் அது கிளிக்குஞ்சு மாதிரி வெட்டி வெட்டித் திரும்பியது. பிறகு விலகலை ஒரேயடியாகச் சரிசெய்யாமல் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பங்கை மட்டும் சரிசெய்யும்படி மாற்றினாள். நடுவிலிருந்து சில பிக்சல் மட்டுமே தள்ளி முகம் இருந்தால் அசையவே வேண்டாம் என்றும் புரோகிராமில் எழுதினாள். நடுக்கம் நின்றது. ஆனால் நான் நடந்துகொண்டே இருந்தால் எப்போதும் என்னைவிட ஒரு எட்டு பின்தங்கியே வந்தது. அதற்காக, இதுவரை சேர்ந்த விலகல்களையெல்லாம் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையில் ஒரு சிறு பங்கையும் சேர்த்துத் திருப்பச் செய்தாள். அதன் பிறகு என்னோடு கூடவே வந்தது.

மோட்டார் சுழியத்திலிருந்து நூற்றெண்பது டிகிரி வரை திரும்பக்கூடியது. முழுக்கத் திரும்பினால் வயர் இழுத்துப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் முப்பதுக்கும் நூற்றைம்பதுக்கும் இடையில் மட்டும் என்று எல்லை வைத்தாள். அந்த எல்லையில்தான் ஒருநாள் விஷயம் மாட்டியது. நான் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, பால் இருக்கிறதா, மோர் இருக்கிறதா என்று துழாவிக்கொண்டு நின்றேன். கேமரா நூற்றைம்பதில் நின்றுவிட்டது. அதற்கு மேல் திரும்ப வழியில்லை. என் முகமோ இன்னும் படத்தின் ஓரத்தில் தெரிந்துகொண்டிருந்தது. நான் அடுப்புக்குத் திரும்பி வந்த பிறகும் அது பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கழுத்து பிடிச்சிக்கிட்டோ?" என்றேன்.

மகள் ரொம்ப நேரம் திரையைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "கழுத்து நின்னாலும் கூட்டல் நிக்கல உம்மா. நீங்க அங்கன நின்ன நேரம் பூரா விலகல் சேந்துக்கிட்டே போயிருக்கு. நீங்க திரும்பி வரும்போது அந்தக் குவியல் கரையணும்லா. கரையுறதுக்குள்ள நீங்க படத்த விட்டே போயிட்டிய. முகம் இல்லன்னா இருக்க இடத்துலயே நில்லுன்னு நான்தான் எழுதியிருக்கேன். அதான் அது அங்கயே நிக்கி."

எல்லையில் இருக்கும்போது அதே பக்கமாகக் கூட்டாதே என்று இரண்டு வரி எழுதினாள். முகம் கொஞ்ச நேரம் தெரியாவிட்டால் மெதுவாக நடுவுக்கு வா என்று இன்னும் சில வரி. அன்று அவளோடு கூடப் படிக்கிற தோழியும் எங்கள் வீட்டில் இருந்தாள். திரைப் பக்கமே திரும்பாமல் என் கையால் இடியாப்பம் தின்றுகொண்டு, "ஆன்ட்டி, நீங்கதான் எங்க டெஸ்ட் இன்ஜினியர்" என்றாள். அவள் எத்தனை நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியும். இப்போது சொல்லக்கூடாது. ஆனால் தெரியும்.

அந்த இரண்டு வரி எழுதுவதற்கு ஒரு வாரம் முன்புதான் கல்லூரியில் முதல் ரிவ்யூ முடிந்திருந்தது. புராஜெக்ட் கைடு, எழுதிய புரோகிராம் கோடு முழுவதையும் பென்டிரைவில் போட்டுக் கொடு, ஃபைலில் வைக்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டார். அவர் அந்தத் தோழிக்குச் சித்தப்பா.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் மகள் கல்லூரியிலிருந்து பாதியில் வந்தாள். தோழி அதே தலைப்பில் தன் பெயரைப் பதிந்திருக்கிறாள். முன்தேதியில். குற்றாலத்தில் நடக்கப்போகும் கல்லூரிக் கண்காட்சியில் மேடையேறப்போவதும் அவள்தான். கைடு என் மகளிடம், "ஒரே டைட்டில் ரெண்டு பேருக்குத் தரமுடியாது. நீ வேற எதாவது பாரு. இருக்க நேரத்துல முடியலன்னா அடுத்த வருஷம் எழுது" என்று சொல்லியிருக்கிறார்.

மூன்று நாள் அவள் அறையை விட்டு வரவில்லை. நான்காம் நாள் போய்ப் பார்த்தபோது, கேமராவைத் தரையில் வைத்து ஒவ்வொரு திருகாகக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. "நான் இனி காலேஜுக்குப் போவல உம்மா" என்றாள், கடைக்குப் போகவில்லை என்று சொல்வது போல.

கல்லூரிக்குப் போய்க் கேட்டேன். துறைத்தலைவர் ரெஜிஸ்டரைக் காட்டினார். தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, நான் என்ன செய்ய என்றார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியபோதுதான் எனக்கு அந்தப் பால் தேடிய சாயங்காலம் ஞாபகம் வந்தது. பென்டிரைவில் போனது பழையது. இரண்டு வரி இல்லாதது. வீடு வரும்வரை நான் அதை மட்டுமே நினைத்தேன். பல நாளுக்குப் பிறகு அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

கண்காட்சி அன்று நல்ல சாரல். குற்றாலத்தில் வண்டி நிறுத்த இடமில்லை. ஈரத்துண்டோடு ஆட்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போனார்கள். மகளிடம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். மண்டபத்தில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன்.

மேடையின் முன்பக்கம் ஒரு மேசை. அதன் மேல், எங்கள் வீட்டுக் கேமராவைப் பார்த்து அவர்கள் செய்த இன்னொரு கேமரா, மேடையின் உள்பக்கம் பார்த்தபடி. பின்னால் பெரிய திரை. தோழி பட்டுப்பாவாடை தாவணியில் இந்தப் பக்கம் நாலு எட்டு, அந்தப் பக்கம் நாலு எட்டு நடந்தாள். கேமரா அழகாகத் திரும்பியது. அந்தத் திரும்பலை எனக்குத் தெரியும். என் பிள்ளையின் நடையை இன்னொருத்தி நடந்து காட்டுவது மாதிரி இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு மூத்த பொறியாளர், யாராவது கேள்வி கேட்கலாம் என்றார்.

நான் எழுந்தேன். "நானும் ஒருதடவ நடந்து பாக்கட்டுமா சார்?"

கைடு என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. தோழிக்குத் தெரிந்தது. அவள் கை லேப்டாப்பின் மேல் அப்படியே நின்றது. பொறியாளர், "வாங்கம்மா, தாராளமா" என்றார்.

நான் நடுவிலிருந்து மெல்ல நடந்து, மேசைக்கு ஏறக்குறையப் பக்கவாட்டில், குத்துவிளக்கு இருந்த இடம் வரை போனேன். திரையைப் பார்த்தேன். கேமரா எல்லைக்கு வந்து நின்றுவிட்டது. படத்தின் ஓரத்தில் என் முகம், அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம். சரியான இடம்.

"இவ்வளவு நைசா திரும்புதே, அத எப்படி சார் பண்ணியிருக்கிய?" என்று கைடிடம் கேட்டேன்.

நான் ஒரு நிமிடம் எப்படி நிற்பது என்று யோசித்து, நீளமான கேள்விகள் நாலைந்து தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் மைக்கை வாங்கினார். விலகல் என்றார், பங்கு என்றார், கூட்டுத்தொகை என்றார், ஆராய்ச்சி என்றார், தன் வழிகாட்டுதல் என்றார். அவர் பேசப் பேச உள்ளே அந்தக் கூட்டல் ஏறிக்கொண்டே இருந்தது. நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன். வாழ்க்கையில் ஒரு மனிதரின் பேச்சை அவ்வளவு ஆசையாக நான் கேட்டதில்லை.

அவர் முடித்ததும், "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லி வேகமாக நடுமேடைக்கு வந்து நின்றேன்.

கேமரா குத்துவிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் இந்தப் பக்கம் நடந்தேன், அந்தப் பக்கம் நடந்தேன். பின்வரிசையில் ஒரு பையன், "ஏலே, அது விளக்குப் பூசைக்கு உக்காந்திட்டுலே" என்றான். மண்டபம் சிரித்தது.

"வெளிச்சம் பத்தல. வெளிய மூட்டம்லா" என்றார் கைடு.

தோழி பதறிப்போய்க் கேமராவுக்கு முன்னால் குனிந்தாள். திரையில் அவள் முகத்தைச் சுற்றிப் பளிச்சென்று கட்டம் விழுந்தது. கழுத்து அசையவில்லை.

பொறியாளர் எழுந்து மேடைக்கு வந்தார். "வெளிச்சம் போதலைன்னா கட்டம் விழாதே. முகம் தெரியுது, மோட்டார் ஏன் திரும்பலை?" என்று தோழியிடமே கேட்டார். அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் வயரைப் பார்த்தார்.

"எல்லைல நின்னப்புறமும் கூட்டல் ஏறிக்கிட்டே இருந்திருக்கு சார்" என்றேன். "அத நிறுத்துற ரெண்டு வரி இதுல கிடையாது. ஏன்னா இது பழைய கோடு. ரெண்டு வரி எழுதினவ தென்காசில எங்க வீட்டுல இருக்கா. இந்தச் சார் அவள வேற டைட்டில் பாக்கச் சொல்லியிருக்காரு."

கைடு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தோழி, மைக் இல்லாமலே, "அவதான் சார் எழுதினா. எல்லாமே அவதான்" என்றாள். கண் மை வழிந்து தாவணியில் சொட்டியது. அந்த நேரத்தில் எனக்கு மனம் இளகியது என்று எழுதினால் பொய்யாகிவிடும். நான் கைடின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எங்கேயும் திரும்ப முடியாமல் இருந்தது. வேண்டிய மட்டும் பார்த்துவிட்டு இறங்கினேன்.

பஸ் ஏறித் தென்காசிக்கு வந்தேன்.

வீட்டில் சொன்னேன். மகள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். "எல்லைல எவ்வளவு நேரம் நின்னிய?" என்று கேட்டாள்.

"அவரு பேசி முடிக்க மட்டும். ரெண்டு நிமிசம் இருக்கும்."

"ரெண்டு நிமிசமா. அது ஆயுசுக்கும் திரும்பாது." பிறகு, "அவ அழுதாளோ?" என்றாள்.

"அழுதா."

அவள் திருகு டப்பாவை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள்.

மறுநாள் துறைத்தலைவர் போன் செய்து, தலைப்பு என் மகளுக்கே என்றார். வைவா முடிந்தது. கைடு இன்னும் அங்கேதான் இருக்கிறார். கடைவீதியில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். நானும் விடுவதில்லை. அந்தப் பக்கம் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று ரோட்டைக் கடந்து எதிரே போய் நிற்கிறேன். தோழி இரண்டு தடவை வாசல் வரை வந்தாள். நான் கதவைத் திறக்கவில்லை.

இப்போது கேமரா அடுப்படி அலமாரியில் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை, தம்மாமிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருக்க, நான் குளிர்சாதனப் பெட்டியருகே வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். அது உடனே என்னோடு திரும்பி வந்தது. பேச்சு எப்படியோ கைடிடம் போனது. நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

மகள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "வாப்பா, அந்த ரெண்டு வரிய உம்மாக்கும் எழுதணும்" என்றாள்.

போனில் அவர் சிரிப்பது கேட்டது.

"எழுதாத" என்றேன்.