‘அதனால்’ போய் உட்கார்ந்த இடம்

பொத்தான் அக்கா என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். தையல் கடையில் காஜா எடுப்பதும் பொத்தான் வைப்பதும் அவள் வேலை. ஊசி ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். கணவர் பஸ் டிரைவராக இருந்தவர். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சொன்னால் புரியும், மெதுவாகப் படிப்பார். பதில்தான் வாய்க்கு வராது.

வீட்டில் இரண்டு பேர் பேச்சையும் அவளே பேசினாள். “என்ன, காபி ஆறிப்போச்சா? ஆமா, ஆறிப்போச்சு” என்று கேள்வியும் அவளே, பதிலும் அவளே. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவருக்குப் பதிலாக அவளால் பேச முடியவில்லை. அவர் விழுந்த காலையில் அவள் சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். போனவள் சட்டென்று திரும்பினாளா என்றால் இல்லை, யாரிடமோ ஊர்க்கதை பேசிக்கொண்டு நின்றாள். அதை அவர் மனசுக்குள் வைத்திருக்கிறாரா, இல்லையா? இது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் அவருக்குச் சீட்டுகள் கொடுத்திருந்தாள். சீட்டுக்கு ஒரு வாக்கியம். கலைத்துப் போட்டதை அவர் இடது கையால் வரிசையாக அடுக்க வேண்டும்.

“முன்னாடி எதுவும் தெரியாமலே புரியுற வாக்கியம் எதுன்னு முதல்ல பாருங்க, அதுதான் ஆரம்பம். ‘அப்போது’, ‘பிறகு’, ‘மாலையில்’னு வர்றது நேரத்தைக் காட்டும். ‘ஆனால்’, ‘அதனால்’னு ஆரம்பிச்சா அது தனியா நிக்காது. அதுக்கு முன்னாடி ஒண்ணு இருந்தாகணும்” என்று அவள் சொல்லிக்கொடுத்தாள்.

அந்தச் சீட்டுகளில் இருந்த விதை முளைக்கிற கதையை அடுக்கி அடுக்கி அவருக்கு அலுத்துவிட்டது. தெரிந்த சங்கதியாக இருந்தால் நல்லது, நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள் என்றாள் அந்தப் பெண். பொத்தான் அக்கா பஸ் கிளம்பும் கதை எழுதினாள், துணி துவைத்த கதை எழுதினாள். கடைசியில் ஒருநாள் துணிந்து அந்தக் காலையையும் எழுதி, தையல் கடைக் கத்தரியால் வெட்டி எடுத்துப் போனாள். வாயால் கேட்க முடியாததைச் சீட்டாவது கேட்கட்டும் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

அவள் நினைத்திருந்த வரிசை இது:

ஒருநாள் காலையில் டிரைவர் குளியலறையில் மயங்கி விழுந்தார்.
அப்போது அவர் மனைவி கடைக்குப் போயிருந்தாள்.
அதனால் உதவி கிடைக்கத் தாமதமாயிற்று.
திரும்பி வந்ததும் அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.
ஆனால் ஆம்புலன்ஸ் வரும் வழியில், பாலத்தின் மேல் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது.
மாலையில்தான் அவர் கண் திறந்தார்.

பயிற்சி அறை மேசையில் சீட்டுகளைக் கலைத்துப் போட்டாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். காலை முதலில் வந்தது, மாலை கடைசிக்குப் போயிற்று. ‘அப்போது’ சீட்டு ‘விழுந்தார்’ என்பதன் கீழ் சரியாக உட்கார்ந்தது. அடுத்து ‘திரும்பி வந்ததும்’, அதன் கீழ் ‘ஆனால்’. ‘அதனால்’ சீட்டு மட்டும் அவர் கையிலேயே இருந்தது. அவர் அதைக் கொண்டுபோய் லாரிக்குக் கீழே வைத்தார்.

“தப்பு, தப்பு. அது மேல வரணும்ங்க, கடைக்குப் போனதுக்கு அடுத்து” என்று கையை நீட்டினாள்.

“தப்பு இல்லக்கா” என்றாள் பயிற்சிப் பெண். “நீங்க சொல்ற இடத்துலயும் நிக்கும், அவர் வச்ச இடத்துலயும் நிக்கும். ரெண்டுமே தாமதத்துக்குக் காரணம்தானே? முன்னாடி எதை வைக்கிறோமோ, ‘அதனால்’ அதைக் காட்டும்.”

“தெரியாம வச்சிருப்பாரு” என்றாள் அவள். தலையெழுத்தை ஒரு சீட்டு மாற்றிவிடும் என்று நம்ப அவளுக்குப் பயமாக இருந்தது. சீட்டுகளை மறுபடி கலைத்தாள். ‘அதனால்’ சீட்டைத் தானே எடுத்து, ‘கடைக்குப் போயிருந்தாள்’ என்பதன் கீழ் ஒட்டினாற்போல் வைத்துக் கொடுத்தாள்.

அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இடது கையால் அந்தச் சீட்டை உருவினார். மற்றவற்றை முன்போலவே பொறுமையாக அடுக்கிவிட்டு அதைப் பழையபடி லாரிக்குக் கீழே கொண்டுவந்தார். வைத்ததோடு விடவில்லை. அவள் மறுபடி எடுத்துவிடாமல், உள்ளங்கையை அதன்மேல் பரப்பி அழுத்திக்கொண்டார்.

“அடுக்கினதை வாசிச்சுக் காட்டுங்கக்கா” என்றாள் பயிற்சிப் பெண்.

பொத்தான் அக்கா அவர் வைத்த வரிசையிலேயே வாசித்தாள். லாரி வரைக்கும் குரல் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவர் கையை எடுக்காமல் காத்திருந்தார்.

“சரிங்க” என்றாள் கடைசியில், முகத்தைத் துடைத்துக்கொண்டு. “லாரிதான்.”