‘குணமாகும்’ என்று எழுதிய விளம்பரம்

எங்கள் ஊரில் சாரம் என்ற பகுதியில் ஒரு மாடியறையில் இருந்த வீடியோ ஸ்டுடியோவில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று படம் பிடிப்பதுதான் ஸ்டுடியோவின் பிழைப்பு. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கடைகளுக்கு விளம்பரப் படம் எடுப்போம். ஸ்கிரிப்ட் எழுதுவதும் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவதும் என் வேலை. முதலாளியை எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிடுவோம்.

இரண்டாயிரத்துப் பத்து பிறக்கச் சில மாதங்கள் இருக்கும். இணையத்தில் வீடியோ பார்க்கும் தளம் ஒன்று, பணம் கட்டினால் நம் படத்தைத் தேடல் முடிவுகளுக்கு மேலே காட்டும் வசதியைக் கொண்டுவந்திருந்தது. அண்ணன் தன் கிரெடிட் கார்டைக் கொடுத்து ஒரு கணக்குத் திறந்தார். ஒரு தங்கும் விடுதி, ஒரு நகைக்கடை, இரண்டுக்கும் அந்த ஒரே கணக்கிலிருந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தச் சித்த மருத்துவர் வந்தார். ஐம்பது வயதைத் தொட்ட பெண்மணி. முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர். நகரத்துக்குள் சின்னதாக ஒரு மருத்துவமனை நடத்தினார். சர்க்கரை நோயாளிகளுக்கு அவர் கொடுக்கும் பொடிக்கு நல்ல பெயர் இருந்தது. அவருடைய தம்பி பாரீஸ் பக்கத்தில் குடியேறியவர். அங்கே இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்த மருந்து தெரியவேண்டும், விளம்பரம் போடு என்று அக்காவைத் தம்பிதான் தூண்டினார்.

படம் அவருடைய மருத்துவமனைக்காக ஏற்கெனவே நாங்கள் எடுத்ததுதான். இரண்டு வாரத்துக்கு முன் அதை டிஸ்க்கில் போட்டுக் கொடுத்திருந்தோம். மருத்துவமனையில் நோயாளிகள் உட்காரும் இடத்தில் டிவியில் அது ஓடிக்கொண்டிருந்தது. வீராம்பட்டினத்தில் மீன் விற்கும் அம்மா ஒருவர் அதில் பேசுவார். "கால் எரிச்சல் போயிடுச்சு. சர்க்கர கொறஞ்சிடுச்சு. இப்ப நல்லா நடக்கறேன்" என்பார். பிறகு என் குரல் வரும்: "சர்க்கரை நோய் முற்றிலும் குணமாகும். வாழ்நாள் மாத்திரைகளுக்கு விடை கொடுங்கள்." அந்த இரண்டு வாக்கியமும் நான் எழுதியவை. எழுதியபோது நன்றாக இருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

அண்ணன் என்னிடம் சொன்னார்: "விதி என்னா போட்டிருக்கான்னு ஒரு தடவ படிச்சிடும்மா. மருந்து விஷயம். தப்பாப் போயி கணக்கையே மூடிட்டான்னா வெடுதிக்காரர், நகக்கடக்காரர் ரெண்டு பேருக்கும் நான்தான் பதில் சொல்லணும்."

அந்தத் தளத்தின் விளம்பர விதிகளைப் பிரிண்ட் எடுத்தேன். மது, சூதாட்டம், ஆயுதம், புகையிலை, மருந்து என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பக்கம். சிலவற்றுக்கு அறவே இடமில்லை. சிலவற்றுக்கு நிபந்தனையோடு இடம் உண்டு. மருந்துப் பக்கத்தை அகராதியை வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தேன். தீராத நோயைத் தீர்ப்பதாகச் சொல்லக் கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரும்படி எதுவும் இருக்கக் கூடாது. எந்த நாட்டில் காட்டுகிறோமோ அந்த நாட்டுச் சட்டமும் பொருந்தும். விளம்பர வாசகம், படம், அதைத் தட்டினால் திறக்கும் இணையப்பக்கம், மூன்றையும் பார்ப்பார்கள். பயனடைந்தவர் வாயால் சொல்வதும் விளம்பரதாரர் சொன்னதாகவே கொள்ளப்படும்.

ஸ்கிரிப்டை எடுத்துச் சிவப்புப் பேனாவால் கோடு போட ஆரம்பித்தேன். 'முற்றிலும் குணமாகும்' போயிற்று. 'விடை கொடுங்கள்' போயிற்று. நம் நாட்டிலும் மருந்து விளம்பரத்துக்குப் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது, குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் சர்க்கரை நோயும் உண்டு என்பது அன்றைக்கு இணையத்தில் தேடியபோதுதான் எனக்குத் தெரிந்தது. கூச்சமாக இருந்தது. விதியை மீறியதற்காக இல்லை. எழுதும்போது அது உண்மையா என்று ஒரு நொடிகூட நான் யோசிக்கவில்லையே என்பதற்காக.

மீன்காரம்மா பேச்சில் கோடு போட ஒன்றும் இல்லை. கால் எரிச்சல் போனது அவர் அனுபவம். ஆனாலும் அவர் சொன்னது முழுக்க அவ்வளவுதானா என்று சந்தேகம் வந்தது. பீரோவிலிருந்து மூல கேசட்டை எடுத்து ஓட்டினேன்.

திரையில் அவர் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கால் எரிச்சல் போயிடுச்சு. பெரியாஸ்பத்திரி மாத்திரய நான் வுடல. இந்த டாக்டரம்மாவே வுடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அது ஒரு பக்கம், இந்தப் பொடி ஒரு பக்கம். சர்க்கர கொறஞ்சிடுச்சு. இப்ப நல்லா நடக்கறேன்."

நடுவில் இருந்த அந்த மூன்று வாக்கியத்தையும் வெட்டியது நான்தான். ஒரு நிமிடத்துக்குள் படம் முடியவேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். பேச்சு இழுக்கிறது என்று வெட்டிவிட்டு, ஒட்டு தெரியாமல் இருக்க அந்த இடத்தில் மீன்கூடையின் காட்சி ஒன்றைச் செருகினேன். ஒட்டு நன்றாக வந்திருக்கிறது என்று அண்ணன் பாராட்டினார்.

அண்ணனைக் கூப்பிட்டு இரண்டையும் ஓட்டிக் காட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இரண்டாம் தடவையும் பார்த்தார்.

"வெளம்பரத்த அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். "இந்த டிஸ்க் அங்க ஓடிக்கிட்டில்ல இருக்குது?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். உள்ளே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். டிவியில் என் குரல் மாத்திரைகளுக்கு விடை கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. மருந்துப் பொட்டலம் மடிக்கும் பெண்ணிடம் கேட்டு அதை நிறுத்தினேன்.

மருத்துவர் என்னை உள்ளே கூப்பிட்டார். கோடு போட்ட தாளை அவர் முன் வைத்தேன்.

"மேடம், இந்த வரியெல்லாம் இருந்தா அவங்க ஏத்துக்கமாட்டாங்க. அது கெடக்கட்டும். அந்த மீன்காரம்மா மாத்திரய விடலன்னு சொன்னாங்க. நான்தான் அத வெட்டிட்டேன்."

அவர் தாளைப் படித்தார். முகத்தில் கோபம் வருமென்று காத்திருந்தேன்.

"நானும் பாத்தேம்மா" என்றார். "டிஸ்க் வந்த அன்னைக்கே பாத்தேன். மாத்திரய பத்தி அவங்க பேசுனது இல்லயேன்னு தோணுச்சு. நல்லாத்தான இருக்குதுன்னு வுட்டுட்டேன்."

பிறகு எதையோ யோசித்தவர், மேசைமேல் இருந்த நோட்டைப் புரட்டினார். ஆட்டோ ஓட்டும் ஒருவர் போன வாரம் வந்தபோது, கிளம்புகிற சமயத்தில் கதவருகே நின்று, 'அப்ப மாத்திரய நிறுத்திடலாம்ல?' என்று கேட்டாராம். அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டதால் மருத்துவர் சரியாகப் பதில் சொல்லவில்லை. நோட்டில் எண் இருந்தது. என் எதிரிலேயே போன் போட்டார்.

அவர் பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"நான் டாக்டர் பேசறேம்பா. மாத்திர சாப்புடுறியா? … எத்தினி நாளா? … யாரு சொன்னது? … டிவியில சொன்னா? … ராத்திரில எத்தினி வாட்டி எந்திரிக்கற? தண்ணி தாகம் எடுக்குதா? … இல்ல, இல்ல, என்கிட்ட வராத. இப்பவே நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போ. மாத்திர நிறுத்திட்டேன்னு மறைக்காம சொல்லு. வண்டிய நீ ஓட்டாத. வேற யாரையாவது கூட்டினு போவச் சொல்லு."

ரிசீவரை வைத்துவிட்டு, ஒன்பது நாளாயிற்றாம் என்று என்னிடம் சொன்னார். வெளியே இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவில்லையே என்று கேட்டார். நான் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கிளம்பலாமா கூடாதா என்று தெரியவில்லை. இன்னொருவர் அரை மாத்திரையாகக் குறைத்திருந்தார்.

ஆட்டோக்காரரை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, இன்னும் சில நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்று பிறகு மருத்துவர் போனில் சொன்னார். அதை ஏன் என்னிடம் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன். சொல்லவேண்டிய இடத்தில்தான் சொன்னார்.

படத்தை மறுபடி வெட்டினேன். மூன்று வாக்கியமும் திரும்ப வந்தன. என் குரல் போய், மருத்துவரே பேசினார். சர்க்கரை நோயோடு வாழ்பவர்களுக்கு உணவும் கால் பராமரிப்பும் பற்றி ஆலோசனை தருகிறோம், உங்கள் மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தாதீர்கள் என்று. ஒரு நிமிடம் நாற்பது விநாடி வந்தது. அண்ணன் அந்த நீளத்திலேயே அனுப்பச் சொன்னார்.

தலைப்பு, அதன் கீழ் இரண்டு குட்டி வரிகள், தேடும் சொற்கள், காட்டவேண்டிய நாடு எல்லாம் நிரப்பி அனுப்பினோம். பரிசீலனையில் உள்ளது என்று காட்டியது. மறுநாள் நிராகரித்துவிட்டார்கள். இணையப்பக்கத்தின் உள்ளடக்கம் என்று மட்டும் காரணம் போட்டிருந்தது.

"இன்னும் என்னாம்மா கொற?" என்றார் அண்ணன்.

மருத்துவமனையின் பக்கத்தைத் திறந்தேன். தமிழில் ஒன்றும் தப்பாக இல்லை. மூலையில் சின்னதாகப் பிரெஞ்சுக் கொடி. அதைத் தட்டினால் தம்பி பாரீஸில் உட்கார்ந்து எழுதிய பிரெஞ்சுப் பக்கம் வந்தது. நாங்கள் பிரான்சில் காட்டக் கேட்டிருந்ததால் விளம்பரத்தில் அந்தப் பக்கத்தைத்தான் இணைத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகப் படித்த பிரெஞ்சு எனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருந்தது. 'நிரந்தரமான குணம்' என்று கொட்டை எழுத்தில் முதல் வரியிலேயே இருந்தது. நான் எழுதியதைப் போலவே, கொஞ்சம் அழகாக.

மருத்துவரை ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லி அதைக் காட்டினேன். அவர் அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டார். தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. அப்படிச் சொல்லாவிட்டால் யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். அக்கா நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பேரு ஒன்னுது இல்ல, என்னுது. அந்த வரிய எடுத்துடு" என்றார்.

எடுத்தார். மறுபடி அனுப்பினோம், அனுமதி கிடைத்தது. இரண்டு மாதம் ஓடியது. அதிகம் பேர் தட்டவில்லை. தம்பி சொன்னது ஒரு வகையில் சரிதான். மூன்றாம் மாதம் அவர்களே நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த விதிகளை எழுதியவர்களைப் பற்றிப் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். வழக்கு வரும், கெட்ட பெயர் வரும் என்ற பயத்தில் எங்கோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு நம் ஊர் ஆட்டோக்காரரைப் போன்றவர்களைத் தெரியாது. தெரிந்த நாங்கள், அண்ணன், மருத்துவர், நான் மூன்று பேரும், படத்தைப் பார்த்த அத்தனை தடவையிலும், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டோம். கணக்கை மூடிவிடுவார்களோ என்ற பயம் இல்லாவிட்டால் நான் அந்தக் கேசட்டை எடுத்தே இருக்கமாட்டேன். இதை எழுதச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

ஸ்டுடியோவை விட்டு வந்த பிறகும் விளம்பரத்துக்கு எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். யாராவது பேசியதை வெட்டவேண்டி வந்தால், வெட்டிய பிறகு அவர்களுக்கே போன் போட்டு மிச்சத்தைப் படித்துக் காட்டுகிறேன். நிறையப் பேர் பாதியிலேயே சரிம்மா, சரிம்மா என்று போனை வைத்துவிடுகிறார்கள்.