கரும்பலகையில் ஒரு காலிக் கட்டம்

எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். மலாயாவின் ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்து, ஜொகூர் பாரு பட்டணத்தில் பெரிய பரீட்சை வரை போய், ஆசிரியர் பயிற்சியும் முடித்தவள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. போரில் ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்துப் பள்ளிக்கூடங்களை மறுபடி திறந்தபோது, அரை நாள் தமிழும் கணக்கும், மீதி நேரம் நிப்பொன் என்ற ஜப்பான் பாஷையும் கற்பிக்க என்னை அழைத்தார்கள். கையில் சாக்கட்டியைப் பிடித்தபடி நின்றால் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை என்று அப்போது நினைத்திருந்தேன். ஒரே ஒரு நாள், அதே சாக்கட்டி கையிலிருந்து நழுவி விழும் அளவுக்குப் பயந்தேன்.

ஜப்பானியர் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஆசிரியர் பாடம் நடத்துவார். மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் வகுப்பின் பின்னால் வரிசையாக நின்று பார்ப்பார்கள். பாடம் முடிந்ததும் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் அதில் குறை சொல்லியாக வேண்டும். குறை சொல்லாதவர் கவனிக்கவில்லை என்று ஆகிவிடும். கல்வி அதிகாரி வரும் நாளில் பாடம் நடத்த என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைப்பையும் அவரே அனுப்பியிருந்தார்: ஏறக்குறைய ஒரே பலமுள்ள இரண்டு பூகம்பங்கள், ஒன்று ஜப்பானின் தலைநகர்ப் பக்கம், மற்றது இந்தியாவில் பீகாரில். பூமி அதிர்வை அளக்கும் கருவிகள் இரண்டுக்கும் அநேகமாக ஒரே அளவைத்தான் காட்டின என்று குறிப்பில் இருந்தது. செழித்த நாடு எப்படி எழுந்தது, வெள்ளைக்காரன் ஆண்ட ஏழை நாடு எப்படிக் கிடந்தது என்று பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம்.

குறிப்பை நானும் என் தோழியும் சேர்ந்து படித்தோம். அவளும் என் வயதுதான், அதே பள்ளியில் ஆசிரியை, யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவள் அப்பா போருக்கு முன் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்.

"இதில ஒன்று குறையுது," என்றாள். "எத்தனை பேர் செத்தவை எண்டு இல்லை."

"சொன்னா என்ன? ஏழை நாட்டிலதான் நிறைய பேர் செத்திருப்பாங்க."

"இல்லையப்பா. ஜப்பானிலதான் பல மடங்கு. நெருப்பு. அண்ணாவின்ர இங்கிலீஸ் புத்தகத்தில இருக்கு."

நான் நம்பவில்லை. அவள் விளக்கினாள். நிலம் ஆடியது நண்பகலுக்குச் சற்று முன்பு. வீட்டுக்கு வீடு கரி அடுப்பில் மதியச் சமையல். மர வீடுகள் சரிந்து அடுப்பின் மேல் விழுந்தன. அன்று பலத்த காற்று. தண்ணீர்க் குழாய்கள் உடைந்ததால் நெருப்பை அணைக்கத் தண்ணீர் வரவில்லை. ஆட்டத்தில் செத்தவர்களைவிட நெருப்பில் செத்தவர்கள் மிக அதிகம்.

"எஸ்டேட் மகாராணி, நீர் இதை வகுப்பில சொல்லிப்போடாதையும்," என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "எங்க படிச்சனீர் எண்டு கேட்டா, எங்கட வீட்டுக்கு வருவினம். புத்தகத்தைத் தேடேக்க மற்றதும் அகப்படும்."

மற்றது என்ன என்று எனக்குத் தெரியும். அவள் அண்ணன் கூரைக்குள் ஒரு ரேடியோவை ஒளித்து வைத்திருந்தார். போர் உண்மையில் எப்படிப் போகிறது என்பது அதிலிருந்துதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. அப்படி ரேடியோ கேட்டதற்காக, பக்கத்துத் தெரு மனிதர் ஒருவரை ராணுவப் போலீஸ் கொண்டு போயிருந்தது. அவர் திரும்பி வரவில்லை.

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பாடம் நடத்தும் நாள் காலை எல்லாரும் ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே பார்த்துக் குனிந்து வணங்கிய பின் அதிகாரி வகுப்புக்கு வந்தார். குள்ளமான மனிதர், பூகம்பம் நடந்த அந்தத் தலைநகர்க்காரர் என்று பேச்சு. காலணி மட்டும் பெரியதாகச் சத்தம் போட்டது. அவர் அருகில் மொழிபெயர்ப்பவர், ஒரு தமிழர். போருக்கு முன்பு ஜப்பான்காரன் போட்டோக் கடையில் வேலை பார்த்து அந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்டவர். பின் வரிசையில் என் தோழி சுவரோடு சுவராக நின்றாள்.

பயிற்சியில் நான் கற்ற முறை ஒன்று இருக்கிறது. கரும்பலகையில் கட்டம் போட்டு, எல்லாவற்றையும் நிரப்பாமல் ஒன்றைக் காலியாக விட வேண்டும். பிள்ளைகள் அதை யோசித்து நிரப்புவார்கள். அந்த முறையில் எனக்கு நல்ல பெயர். கைப்பழக்கத்தில் அன்றும் அப்படியே போட்டேன். இடப்பக்கம் ஜப்பான், வலப்பக்கம் பீகார். பலம்: ஒன்றே. வீடுகள்: இந்தப் பக்கம் மரம், அந்தப் பக்கம் மண்ணும் செங்கல்லும். நேரம்: நண்பகலுக்குச் சற்று முன்பு, பிற்பகல். பிறகு: அகலத் தெருக்கள், பூங்காக்கள், வீடு கட்டப் புதுச் சட்டம், அந்தப் பக்கம், மணல் மூடிய வயல்கள், தூர்ந்த கிணறுகள். நடுவில் ஒரு வரிசை காலி. அதன் தலைப்பில் 'உயிர்ச்சேதம்' என்று எழுதியிருந்தேன். எழுதி முடித்துத் திரும்பியபோதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது.

பீகார் பக்கத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிறுமியாக இருந்தபோது லயத்தில் பேப்பர் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பெரியவர்கள் எல்லாம் சுற்றி உட்கார, நான்தான் அந்தச் செய்தியைச் சத்தமாகப் படித்தேன். தரை பிளந்து மணலும் தண்ணீரும் பீறிட்டதும், சர்க்கரை ஆலைகள் உடைந்து வெட்டாத கரும்பு வயலிலேயே காய்ந்ததும் அப்படித்தான் எனக்குத் தெரியும். அதை நன்றாகவே நடத்தினேன். பிறகு முன் பெஞ்சில் இருந்த பெண் கையைத் தூக்கினாள். ஸ்கூடாய்ப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, வாயாடி.

"டீச்சர், அந்தக் காலிக் கட்டத்துல நான் சொல்லட்டுமா? பணக்கார நாட்டுல கம்மி. ஏழை நாட்டுல நிறைய. சரிதானே?"

வகுப்பே ஆமாம் என்றது. அதிகாரி மொழிபெயர்ப்பவரைப் பார்த்தார். அவர் குனிந்து ஏதோ சொன்னார். அதிகாரி கண்ணை என் மீது வைத்தார்.

"டீச்சர், பதில் சொல்லுங்க," என்றார் மொழிபெயர்ப்பவர். பிறகு குரலைத் தணித்து, "சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்லா. மத்தத நான் பாத்துக்கிறேன்."

சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதிகாரி அந்த நகரத்துக்காரர், அவருக்குத் தெரியாதா? தெரிந்தவர் முன்னால் தப்பைச் சரி என்று எழுதினால் அதுவும் குற்றம்தான். அதோடு, சாக்கட்டி என் கையில் இருந்தது. அந்தப் பிள்ளை நான் எழுதுவதையே வீட்டில் போய்ச் சொல்வாள். லயத்தில் அன்று நான் படித்ததையே எல்லாரும் நம்பியது போல.

"தப்பு," என்றேன். "ஜப்பானிலதான் அதிகம்."

மொழிபெயர்ப்பவர் வாயைத் திறந்து, உடனே மூடிக்கொண்டார். அதிகாரி ஒரு சொல் கேட்டார். அதற்குப் பிறகுதான் மொழிபெயர்ப்பவர் என் பதிலைச் சொன்னார். சாக்கட்டி என் விரலிலிருந்து விழுந்து உடைந்தது. எடுக்கக் குனியப் பயமாக இருந்தது.

மணி அடித்தது. அதிகாரி ஆசிரியர் அறைக்குப் போனார். குறை சொல்லும் நேரம். ஒருவர் நான் வேகமாகப் பேசினேன் என்றார். இன்னொருவர் பிள்ளைகள் வணங்கியது சீராக இல்லை என்றார். என் தோழியின் முறை வந்தது. அவள் எழுந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"எழுத்து கோணல். வலப்பக்கம் சரியுது."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அதிகாரி என்னை எழுந்து நிற்கச் சொன்னார். அவர் மெதுவாகப் பேச, மொழிபெயர்ப்பவர் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி சொன்னார்: "உங்களுக்கு இத யார் சொன்னாங்கன்னு கேக்கறார். குறிப்புல அது இல்லையாம்."

தோழியைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்த்தால் அதிகாரியின் கண்ணும் என் கண்ணின் பின்னால் போகும்.

"யாரும் சொல்லல. குறிப்புலயே இருக்கு," என்றேன்.

"எங்க?"

"மர வீடுன்னு இருக்கு. நேரம் மத்தியானச் சமையல் நேரம்னு இருக்கு. காத்து அடிச்சிச்சுன்னும் இருக்கு. அடுப்பு எரியறப்ப மர வீடு விழுந்தா என்ன ஆகும்? பீகார்ல அது பிற்பகல். நிறைய பேர் வயல்ல, வெளியில இருந்தாங்க. இது நானே பேப்பர்ல படிச்சது. பூகம்பத்தோட பலம் ஒண்ணுதான். ஆனா சாவு பலத்த மட்டும் பாத்து வராது. பணத்த மட்டும் பாத்தும் வராது. எந்த நேரம், எந்த வீடு, எந்தத் தரை, எத்தன பேர் நெருக்கமா இருந்தாங்க, இதயும் பாக்கணும். பணம் இருக்கறதுக்கும் இல்லாததுக்கும் வித்தியாசம் அதுக்கப்புறம்தான் முழுசா தெரியுது. ஒரு ஊரு எழுந்துருச்சு. இன்னொரு ஊர்ல கிணத்துல மணலு."

சொன்னதில் பாதி தோழி சொன்னது. காற்றைப் பற்றிக் குறிப்பில் ஒரு வரி உண்மையில் இருந்ததா, நானே சேர்த்தேனா என்று அந்த நிமிடம் எனக்கே நினைவில்லை. அவர் குறிப்பை எடுத்துப் பார்த்தால் தீர்ந்தது.

குறிப்பு அவர் முன்னால்தான் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. சன்னலுக்கு வெளியே, பள்ளிக்கூடத்துப் பணியாளர் மரவள்ளி வேக வைத்துக்கொண்டிருந்த அடுப்பை வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு வாக்கியம் சொன்னார். மொழிபெயர்ப்பவர் அதை எனக்குச் சொன்னார்.

"கட்டத்துல இன்னொரு வரி சேர்க்கச் சொல்றார். ஆட்டம் தெரிஞ்சதும் மொதல்ல அடுப்ப அணைக்கணும். அத எழுதாததுதான் உங்க குறையாம்."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். அவருக்கு அந்த நகரத்தில் யார் இருந்தார்கள், என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. கேட்கும் துணிச்சல் எனக்கு மட்டுமல்ல, அங்கே யாருக்கும் இல்லை.

வெளியே வந்ததும் தோழி என் கையைப் பிடிக்கவில்லை. "பயத்தில செத்துப் பிழைச்சன். இனி என்னோட கதையாதையும்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுநாள் வகுப்பு நடக்கும்போது ராணுவ லாரி ஒன்று பள்ளி வாசலில் வந்து நின்றது. இரண்டு சிப்பாய்கள் குதித்தார்கள். என் வகுப்புக்கும் அவள் வகுப்புக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் அவள் குரல் பாதி வார்த்தையில் நின்றது. நான் கரும்பலகையைப் பார்த்தபடியே நின்றேன். காலணிச் சத்தம் நடைபாதையில் வந்தது, எங்கள் இரண்டு வகுப்புகளையும் தாண்டியது, சமையல் கொட்டகைப் பக்கம் போனது. அங்கே எதையோ தொப்பென்று போட்டார்கள். பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"டீச்சர், வாளி," என்றாள் முன் பெஞ்சுக்காரி. "மணல் மூட்டையும்."

எல்லா அடுப்புக்கும் பக்கத்தில் மணல் வாளி வைக்க உத்தரவாம். பூகம்பமே வராத ஜொகூரில்.

இடைவேளையில் தோழி தானே என்னிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நேற்று வீட்டுக்குப் போய் அண்ணாவிட்ட சொன்னனான். அவர் கூரைக்குள்ள இருந்ததைக் கழற்றித் துண்டு துண்டா ஆத்தில போட்டிட்டார். புத்தகத்தையும் எரிச்சாச்சு."

"அவங்க வாளி போடத்தான் வந்தாங்க."

"இப்ப தெரியுது. நேற்றுத் தெரியேல்லையே."

நான் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அவள் அண்ணன் இன்று உயிரோடு இருக்கிறார். ஆனால் அந்த நாளிலிருந்து போர் முடியும் வரை, கப்பல்கள் எந்தப் பக்கம் போகின்றன, யார் பின்வாங்குகிறார்கள் என்று எங்களுக்குச் சொல்ல ஒரு குரலும் இல்லை. லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது வாளிக்கா, ஆளுக்கா என்று தெரியாமல் இருவரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்துவோம்.