மூன்று முறை போட்டும் ஓடாத கேம்

மதகடிப்பட்டில் ஹேமலதாவின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டராக இருந்தது. அப்போது கல்லூரி முடிந்ததும் ஓடிவந்து, ஒரே கீபோர்டைப் பங்குபோட்டுக் கார் ரேஸ் ஆடிய இருவரை அவள் மறக்கவில்லை. ஒருவன் புகழ்வேந்தன், மற்றவன் முத்துக்குமரன். முத்துக்குமரன் இன்று கரும்பு பயிரிடுகிறான். கரும்பு வெட்டு முடிந்த வாரம், சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மானிட்டர் மாத்தனதுலேருந்து அந்த ரேஸ் கேம் கருப்பா நிக்குதுக்கா. மூணு தடவ தூக்கிட்டுத் திரும்பப் போட்டேன். அப்பவும் அப்படியேதான்."

"கேமைத் தூக்கினா அது வெச்ச செட்டிங் போவாதுடா. புதுசாப் போட்டாலும் பழசத்தான் படிக்கும்."

"அப்ப மிச்சமீதி எல்லாத்தையும் அழிச்சுடு."

அன்இன்ஸ்டால் செய்தபின் ஹேமலதா ஒவ்வொரு இடமாகத் தேடினாள். புரோகிராம் ஃபைல்ஸில் காலி ஃபோல்டர், ஆப்டேட்டாவில் ஒன்று. டாக்குமென்ட்ஸில் இருந்த மூன்றாவதைத் திறந்தவள் அழிக்காமல் நின்றாள். பழைய மானிட்டரின் அளவைப் பிடித்துவைத்திருந்த செட்டிங் ஃபைல் அதில்தான் இருந்தது. பக்கத்திலேயே ஆடிய ஆட்டங்களின் கணக்கு இருக்கும் இரண்டு சேவ் ஃபைல்கள்: முத்து, புகழ்.

"இதையுமாடா அழிக்கச் சொன்ன?"

முத்துக்குமரன் திரையை ஒட்டிக் குனிந்தான். "ஐயோ, வேணாங்க்கா! நம்ம சென்டர்லேருந்து பென்டிரைவ்ல எடுத்துனு போனது. அவன் பஹ்ரைன் போயி ஏழு வருஷம் ஆச்சி."

சேவ் ஃபைல்களை மட்டும் தனியே காப்பி எடுத்துவிட்டு, மூன்று ஃபோல்டர்களையும் அழித்தாள். பிறகு விண்டோஸின் உள்பதிவேட்டைக் காட்டும் ரிஜிஸ்ட்ரி எடிட்டர். கேம் கம்பெனியின் பெயருக்குள் இரண்டு கேம்களின் பதிவுகள் இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று அவற்றின் நகலை எக்ஸ்போர்ட் செய்துவைத்து, ரேஸ் கேமின் பதிவை மட்டும் நீக்கினாள். ரீஸ்டார்ட் செய்து கேமைப் புதிதாகப் போட்டாள். திரை வெளிச்சமாக வந்தது. சேவ் இல்லாமல் ஓடுவதைப் பார்த்த பிறகே அந்த இரண்டு ஃபைல்களையும் உள்ளே வைத்தாள். பட்டியலில் இரண்டு பேரும் வந்தார்கள். புகழ்வேந்தனின் சிவப்பு வண்டி, நாற்பத்தொரு வெற்றி.

"என்னுது முப்பத்தெட்டுதான்," என்று சிரித்தான் முத்துக்குமரன். கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணு போச்சுடா. எந்த கீ எதுக்குன்னு நீங்க வெச்சது ரிஜிஸ்ட்ரிலதான் இருந்துச்சு. திரும்ப ஏத்தினா கோளாறும் சேந்து வந்துடுமோன்னு விட்டுட்டேன். புதுசா வெச்சுக்க."

முத்துக்குமரன் தன்னுடைய கீகளை வைத்துவிட்டான். புகழுக்கு எந்த கீ என்று நினைவு வரவில்லை. போனை எடுத்து அவனையே அழைத்து, ஸ்பீக்கரில் போட்டான்.

"டேய், ரேஸ் கேம்ல பிரேக்குக்கு இன்னா கீடா வெச்சிருந்த?"

மறுமுனையில் பெரிய சிரிப்பு.

"நான் எங்கடா பிரேக் புடிச்சேன்?"

ஹேமலதா சிரிப்பை அடக்கமுடியாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவனருகே உட்கார்ந்தாள்.