நனையாத அட்டை

ஜெயசித்ராவுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. போன வருஷம் நாலு தடவை மருந்தடித்தும், படைப்புழு அவளுடைய மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்று தீர்த்துவிட்டது. வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஒரு ஏக்கர் கொல்லையை நம்பித்தான் வீட்டில் உலை வைக்க வேண்டும். புருஷன் போனபிறகு வேறு பிடிப்பும் இல்லை.

இந்த வருஷம் ஐந்து இடத்தில் இனக்கவர்ச்சிப் பொறி கட்டினாள். பெண் அந்துப்பூச்சியின் வாசனை என்று ஏமாந்து ஆண் பூச்சி வந்து விழும். விழுவது ஆண் மட்டும்தான். முட்டை வைக்கிறவள் வெளியே ஜாலியாகத் திரிவாள். கொல்லைக்குள் பூச்சி இறங்கிவிட்டது என்று பொறி சேதி சொல்லும், அவ்வளவுதான். காலையில் காபி குடிக்கிறாளோ இல்லையோ, பொறியைப் பார்த்துவிடுவாள். "சாமி கும்புடப் போறியா?" என்று ஊரில் கேலி பேசினார்கள். பேசட்டுமே.

ஒருநாள் பொறிக்கு ஒன்று விழுந்தது, மறுநாள் இரண்டு. இலையில் முட்டைக் குவியலும் தென்பட்டது. வேளாண்மை ஆபீசில் சொல்லி, முட்டை ஒட்டுண்ணி அட்டை வாங்கி வந்தாள். அட்டையில் ஒட்டியிருக்கும் முட்டைகளிலிருந்து உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற பொடிக் குளவி வெளியே வந்து, படைப்புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். புழு பொரிக்கவே பொரிக்காது. அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, சாயங்காலம் இலைக்கு அடியில் பின் அடித்தாள். மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் காலை குளவி வெளியேறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நூறு நாள் வேலைக்குப் போனாள். மத்தியானம் திரும்பினால், அண்ணன் பிச்சைமுத்து முதுகில் ஸ்ப்ரேயரோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

"எங் கொல்லைக்கு அடிச்சேன். தனியா கெடந்து அல்லாடுறியேன்னு உனக்கும் சேத்து அடிச்சுட்டேன்மா."

"அட்டை கட்டியிருந்தனே, பாக்கலியாண்ணே?"

"பாக்காம என்ன! ஒரு அட்டைகூட நனையாமத்தான் அடிச்சிருக்கேன். வந்து பாரு."

பார்த்தாள். அட்டைகள் பொட்டு ஈரமில்லாமல் இருந்தன. அவற்றில் ஓட்டை விழுந்த வெற்று முட்டைகள்தான் மிச்சம். குளவிகள் எல்லாம் மருந்து சொட்டுகிற இலையில் செத்திருந்தன. இந்த நல்ல மனுஷனை எப்படித் திட்டுவது?

சாயங்காலம் கொட்டிய மழை மருந்தையும் கழுவிக்கொண்டு போயிற்று. புது அட்டை வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். முட்டை அதுவரை காத்திருக்குமா? கைக்கு அகப்பட்டதை நசுக்கினாள். ஒரு ஏக்கரில் இரண்டு கையால் எத்தனை நசுக்க முடியும்?

மூன்றாம் நாள் இலைதோறும் நூலில் தொங்கியபடி குட்டிப் புழுக்கள் குருத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தன. பொரித்த புழுவுக்கு இனி அட்டை வந்தும் பிரயோசனமில்லை. பிச்சைமுத்து ஓடிவந்து பார்த்தார்.

"அடப்பாவி, இவ்வளவு புழுவா! கவலப்படாத ஜெயா, நாளைக்கு நானே வந்து இன்னொரு வாட்டி அடிச்சுத் தரேன்."

"சரிண்ணே" என்றாள் ஜெயசித்ரா.